மார்கோவ்னிகாஃப் விதி சொல்லாமல் விடும் விளைபொருள்

3-மெத்தில்-1-பியூட்டீனுடன் ஹைட்ரஜன் குளோரைடு வினைபுரிந்தால் முதன்மை விளைபொருள் எது என்ற கேள்விக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை நடக்கும் பிளஸ் ஒன் டியூஷன் வகுப்புகளில் இரண்டு விடைகள் புழங்குகின்றன. மார்கோவ்னிகாஃப் விதியை மட்டும் கற்ற மாணவர் 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதுகிறார். நீட், ஜேஇஇ பயிற்சிக்குச் செல்லும் மாணவர் 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன் என்கிறார். விதி தவறா, இரண்டாவது மாணவர் விதியை மீறுகிறாரா என்ற குழப்பம் அங்கிருந்து தொடங்குகிறது. உண்மையில் குடுவையில் இரண்டுமே உருவாகின்றன. எது எவ்வளவு, ஏன் என்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

வினை எங்கிருந்து தொடங்குகிறது

ஆல்கீனின் இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மா பிணைப்பு, மற்றொன்று பை பிணைப்பு. பை பிணைப்பின் எலக்ட்ரான்கள் இரு கார்பன்களுக்கும் நடுவே இறுக்கமாக அடைபட்டிருக்காமல், மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழும் பரவிக் கிடக்கின்றன. எலக்ட்ரான் குறைந்த துகள் ஒன்று அருகே வந்தால் முதலில் அகப்படுவது இந்த எலக்ட்ரான்கள்தான். அப்படி எலக்ட்ரானைத் தேடி வரும் துகளை எலக்ட்ரான் கவர்பொருள் என்கிறோம். HCl மூலக்கூறில் குளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், ஹைட்ரஜன் முனை பகுதி நேர்மின் சுமையுடன் நிற்கிறது. அந்த ஹைட்ரஜனே இங்கு எலக்ட்ரான் கவர்பொருள்.

வினை இரு படிகளில் நடக்கிறது.

1. பை எலக்ட்ரான் இணை ஹைட்ரஜனைப் பற்றிக்கொண்டு, இரட்டைப் பிணைப்பின் ஒரு கார்பனுடன் புதிய சிக்மா பிணைப்பாகிறது. மற்றக் கார்பன் தன் பங்கு எலக்ட்ரானை இழந்து நேர்மின் சுமை பெறுகிறது. இதுதான் கார்பன் நேரயனி. வகுப்பறையில் கார்போகேட்டயான் என்றும் சொல்வார்கள். இந்தப் படி மெதுவானது, முழு வினையின் வேகத்தையும் இதுவே தீர்மானிக்கிறது.

2. வெளியேறிய குளோரைடு அயனி, நேர்மின் சுமையுள்ள கார்பனுடன் இணைகிறது. இது மிக விரைவானது.

இரு படிகளுக்கும் இடையிலுள்ள நேரம் மிகக் குறைவு. நம் கேள்விக்கான பதில் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

விதி எதைச் சொல்கிறது

ரஷ்ய வேதியியலாளர் விளாடிமிர் மார்கோவ்னிகாஃப் தம் விதியை வெளியிட்ட காலம் 1869–70. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய காலம் அது. கார்பன் நேரயனி என்ற கருத்தே அப்போது இல்லை. எனவே அவர் சொன்னது காரணம் அல்ல, கண்ட ஒழுங்கு மட்டுமே: சமச்சீரற்ற ஆல்கீனுடன் ஹைட்ரஜன் ஹாலைடு சேரும்போது, ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனுக்கு ஹைட்ரஜன் போகிறது, ஹாலஜன் மற்றக் கார்பனுக்குப் போகிறது. உள்ளவனுக்கே மேலும் சேரும் என்று ஆசிரியர்கள் இதை மனத்தில் பதிய வைப்பதுண்டு. நினைவுக்கு அது உதவும், புரிதலுக்கு உதவாது.

காரணம் கார்பன் நேரயனியின் நிலைத்தன்மையில் இருக்கிறது. நேர்மின் சுமையுள்ள கார்பனுடன் எத்தனை கார்பன்கள் நேரடியாக இணைந்துள்ளன என்பதைக் கொண்டு அதை ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய நேரயனி என்று பிரிக்கிறோம். அண்டையிலுள்ள ஆல்கைல் தொகுதிகள் தம் C–H பிணைப்புகளின் எலக்ட்ரான்களிலிருந்து சிறிது பகிர்ந்து, நேர்மின் சுமையின் கடுமையைத் தணிக்கின்றன. அண்டையில் தொகுதிகள் கூடக் கூட நேரயனி நிலைத்திருக்கிறது. ஆகவே மூவிணையம் மிக நிலையானது, ஈரிணையம் அதற்கடுத்தது, ஓரிணையம் இத்தகைய வினைகளில் உருவாவதே இல்லை என்று கொள்ளலாம். நிலையான நேரயனியை நோக்கிச் செல்லும் பாதையில் ஏற வேண்டிய ஆற்றல் மேடும் தாழ்வாக இருப்பதால், முதல் படி அந்தப் பாதையிலேயே போகிறது.

ஆகவே மார்கோவ்னிகாஃப் விதியை இன்றைய மொழியில் சொன்னால், ஹைட்ரஜன் சேரும்போது மிக நிலையான கார்பன் நேரயனி எதுவோ அதுவே உருவாகும். இந்த வாசகத்தில் விளைபொருள் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விதி முதல் நேரயனியைத்தான் காட்டிக் கொடுக்கிறது. அந்த நேரயனி குளோரைடு வந்து சேரும்வரை அப்படியே காத்திருக்கும் என்று விதி எங்கும் உறுதி கொடுக்கவில்லை.

ஒரு மூலக்கூறைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

3-மெத்தில்-1-பியூட்டீனின் அமைப்பு இது. முனையிலுள்ள CH2 முதல் கார்பன், அடுத்த CH இரண்டாம் கார்பன், அதற்கடுத்த கிளைக் கார்பன் மூன்றாவது.

```
CH2=CH–CH(CH3)2
 1   2   3
```

முதல் படியில் ஹைட்ரஜனுக்கு இரண்டு வாய்ப்புகள். இரண்டாம் கார்பனில் சேர்ந்தால் முதல் கார்பனில் ஓரிணைய நேரயனி வரும், அது நடக்காது. முதல் கார்பனில் சேர்ந்தால் இரண்டாம் கார்பனில் ஈரிணைய நேரயனி வரும். இதுவரை மார்கோவ்னிகாஃப் சொன்னபடிதான்.

```
CH3–CH(+)–CH(CH3)2
```

இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு இந்த நேரயனியின் இரு பக்கமும் பார்க்க வேண்டும். இடப்பக்கம் CH3, அதிலிருந்து ஹைட்ரஜன் நகர்ந்தால் ஓரிணைய நேரயனிதான் கிடைக்கும், அது நட்டம். வலப்பக்கம் மூன்றாம் கார்பன். அதில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் ஒரு ஹைட்ரஜனும் உள்ளன. அந்த ஹைட்ரஜன், தன்னைப் பிணைத்திருந்த எலக்ட்ரான் இணையையும் கூட எடுத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்காருவதுபோல் இரண்டாம் கார்பனுக்கு மாறுகிறது. எலக்ட்ரான் இணையோடு நகர்வதால் அது புரோட்டான் அல்ல, ஹைட்ரைடு. எனவே இதன் பெயர் ஹைட்ரைடு இடப்பெயர்வு. எலக்ட்ரான்களை இழந்த மூன்றாம் கார்பன் இப்போது நேர்மின் சுமை பெறுகிறது. அதனுடன் மூன்று கார்பன்கள் இணைந்துள்ளதால் இது மூவிணைய நேரயனி.

```
CH3–CH2–C(+)(CH3)2
```

மாணவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஹைட்ரைடு போய்ச் சேர்ந்த கார்பனிலேயே நேர்மின் குறியை விட்டுவிடுவார்கள். குறி எப்போதும் ஹைட்ரைடு புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். வீடு மாறியவர் விட்டுச் சென்ற வீடுதான் காலியாகிறது, குடிபோன வீடு அல்ல.

குளோரைடு அயனி ஈரிணைய நேரயனியைப் பிடித்தால் 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன் கிடைக்கிறது. மூவிணைய நேரயனியைப் பிடித்தால் 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன். 0 °C வெப்பநிலையில் செய்த வினைக்குப் பாடநூல்கள் தரும் விகிதம் முதலாவது சுமார் 40%, இரண்டாவது சுமார் 60%. பாதிக்குப் பாதி என்று தரும் நூல்களும் உண்டு. எதைக் கொண்டாலும் ஒன்றே முழுவதுமாக உருவாகவில்லை.

ஏன் எல்லாமே மாறிவிடவில்லை

மூவிணைய நேரயனி ஈரிணையத்தைவிட மோலுக்குப் பத்து கிலோகலோரிக்கு மேல் நிலையானது; இடையிலுள்ள ஆற்றல் மேடோ மிகச் சிறியது. அப்படியிருக்க 40% ஏன் மாறாமல் நிற்கிறது என்பது நியாயமான கேள்வி. பயிற்சி மையங்களில் இக்கேள்வி எழுவது குறைவு. இடப்பெயர்வு சாத்தியமென்றால் அது நடந்தே தீரும் என்று எழுதவைத்துவிடுகிறார்கள்.

பதில் ஓட்டப்பந்தயத்தில் இருக்கிறது. HCl மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து ஆல்கீனுக்குப் போகும் கணத்தில், விட்டுச் செல்லப்பட்ட குளோரைடு எங்கோ தொலைவில் இல்லை. புதிதாகப் பிறந்த நேரயனியின் தோளை உரசிக்கொண்டு நிற்கிறது. இதை அயனி இணை என்பார்கள். நேரயனி தன்னை மாற்றிக்கொள்ளும் வேகமும் பக்கத்திலிருக்கும் குளோரைடு அதைப் பிடிக்கும் வேகமும் ஒன்றுக்கொன்று போட்டியிடுகின்றன. நம் மூலக்கூறில் இரு வேகங்களும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் 40-க்கு 60 என்று பிரிகிறது.

இதிலிருந்து ஒரு முன்கணிப்பும் கிடைக்கிறது. நேரயனியைப் பிடிக்கும் பொருள் வலுக்குறைந்ததாகவும், நேரயனி அயனி இணையிலிருந்து விலகி நிற்க நேரம் உள்ளதாகவும் இருந்தால், இடம்பெயர்ந்த விளைபொருளின் பங்கு உயரும். நீர்த்த கந்தக அமிலத்தில் அதே ஆல்கீனுடன் நீர் சேர்க்கும்போது மூவிணைய ஆல்கஹாலான 2-மெத்தில்-2-பியூட்டனாலே முதன்மை விளைபொருளாக ஓங்கி நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

கிளைக் கார்பனில் ஹைட்ரஜனே இல்லாவிட்டால் மெத்தில் தொகுதியே எலக்ட்ரான் இணையோடு நகரும். 3,3-டைமெத்தில்-1-பியூட்டீனில் நடப்பது அதுதான். அங்கே மெத்தில் இடம்பெயர்ந்து உண்டாகும் 2-குளோரோ-2,3-டைமெத்தில்பியூட்டேனே பெரும்பங்கு.

தாளில் மட்டும் நடக்கும் கதையா

இடப்பெயர்வு உண்மையாகவே நடக்கிறதா, அல்லது ஆல்கீன் முதலில் வேறோர் ஆல்கீனாக மாறி, பிறகு HCl சேர்கிறதா என்று ஐயுறலாம். 3-மெத்தில்-1-பியூட்டீன் முதலில் 2-மெத்தில்-2-பியூட்டீனாக மாறினாலும் அதே மூவிணையக் குளோரைடுதானே கிடைக்கும்?

இதைப் பிரித்தறிய HCl-க்குப் பதிலாக DCl, அதாவது டியூட்டீரியம் குளோரைடு, பயன்படுத்தலாம். நேரடி ஹைட்ரைடு இடப்பெயர்வு என்றால், முதல் படியில் சேர்ந்த டியூட்டீரியம் ஒன்று மட்டும், முனைக் கார்பனில் மட்டும் இருக்கும்: CH2D–CH2–CCl(CH3)2. மாறாக, நேரயனி ஒரு புரோட்டானை இழந்து வேறு ஆல்கீனாகி, பிறகு இரண்டாம் முறை DCl சேர்ந்திருந்தால், இரண்டு டியூட்டீரியங்கள் அடுத்தடுத்த கார்பன்களில் இருக்கும்: CH2D–CHD–CCl(CH3)2. நிறை நிறமாலையில் இவ்விரண்டுக்கும் ஓர் அலகு வேறுபாடு தெரியும். கணக்கும் குறியும் இல்லாமல் வினைவழியைத் தீர்மானிக்கும் இத்தகைய சோதனைகளே கரிம வேதியியலில் எனக்கு மிகவும் அழகாகப் படுபவை.

கலவையில் எது எவ்வளவு என்பதை அறிய இரு வழிகளைக் கூறலாம்.

1. எத்தனால் கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில துளிகள் விட்டால், மூவிணையக் குளோரைடு உடனே வெள்ளை வீழ்படிவு தரும். ஈரிணையக் குளோரைடு தாமதமாக, சூடாக்கிய பிறகே தரும். ஆனால் இச்சோதனைக்கு இரு வரம்புகள் உள்ளன. எஞ்சிய HCl-உம் அதே வீழ்படிவைத் தருவதால், விளைபொருளை முதலில் சோடியம் பைகார்பனேட் கரைசலாலும் நீராலும் கழுவியிருக்க வேண்டும். அப்படிக் கழுவிய பின்னும், உடனடி வீழ்படிவு மூவிணையக் குளோரைடு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அது பாதியா முக்கால் பங்கா என்று சொல்லாது.

2. விகிதத்துக்குப் புரோட்டான் என்எம்ஆர் நிறமாலையே சரியான வழி. ஈரிணையக் குளோரைடில் குளோரினைத் தாங்கும் கார்பனின் ஒற்றை ஹைட்ரஜன் சுமார் 4 பிபிஎம் இடத்தில் தனியாகத் தெரியும். மூவிணையத்தில் அந்தப் பகுதி வெறுமையாக இருக்கும். மூவிணையக் குளோரைடின் இரு மெத்தில் தொகுதிகளிலுள்ள ஆறு ஹைட்ரஜன்களும் சேர்ந்து 1.6 பிபிஎம் அருகே பிளவுபடாத ஒரே முகடாக நிற்கும். 4 பிபிஎம் முகட்டின் பரப்பு 1 என்றும் பிளவுபடாத முகட்டின் பரப்பு 9 என்றும் வந்தால், ஒன்பதை ஆறால் வகுத்து 1.5 எனப் பெறுகிறோம். ஆக விகிதம் 1-க்கு 1.5, அதுவே 40-க்கு 60.

செய்து பார்க்க முனைவோருக்கு ஒன்று. 3-மெத்தில்-1-பியூட்டீனின் கொதிநிலை சுமார் 20 °C. சென்னையின் அறைவெப்பத்தில், அதுவும் மே மாதத்தில், மூடியைத் திறந்தால் அது குடுவையில் நிற்காது, ஆவியாகிப் போய்விடும். எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட. பனிக்கட்டித் தொட்டி விகிதத்துக்காக மட்டும் அல்ல, பொருளைக் கையில் வைத்திருக்கவே தேவை.

முதன்மை விளைபொருளைக் கணிக்கும் ஒழுங்கு

ஒரு வினாவைக் கண்டவுடன் கீழ்க்கண்ட வரிசையில் யோசித்தால் பெரும்பாலும் தவறாது.

1. இந்த வினையில் கட்டற்ற கார்பன் நேரயனி உருவாகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். HCl, HBr, HI, அமிலம் கலந்த நீர் ஆகியவற்றில் உருவாகிறது. புரோமின் சேரும்போது மூன்று அணுக்கள் கொண்ட வளைய புரோமோனியம் அயனி இடையில் வருவதால், இடப்பெயர்வைப் பொதுவாக எதிர்பார்க்க வேண்டியதில்லை. பெராக்சைடு முன்னிலையில் HBr சேர்வது தனி உறுப்பு வழியில் நடப்பதால் அங்கே நேரயனியே கிடையாது. மார்கோவ்னிகாஃப் விதிக்கு எதிரான விளைபொருள் கிடைப்பதும் அதனால்தான். இது HBr-க்கு மட்டும் பொருந்தும், HCl-க்கு அல்ல.

2. உருவாகிறது என்றால், இரு கார்பன்களிலும் ஹைட்ரஜனைச் சேர்த்துப் பார்த்து நிலையான நேரயனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹைட்ரஜன்களை எண்ணுவதைவிட இது மேலானது. 1-பீனைல்புரோப்பீனில் இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் தலா ஒரு ஹைட்ரஜனே இருப்பதால் பழைய வாசகம் ஊமையாகிவிடும். பென்சீன் வளையத்தின் உடனிசைவு எந்தக் கார்பனுக்குக் கிடைக்கிறது என்று கேட்டால் விடை உடனே தெரியும்.

3. அந்த நேரயனியின் அண்டைக் கார்பன்களை மட்டும் பார்க்க வேண்டும். அதற்கு அப்பால் தாவக் கூடாது. ஒரே ஒரு நகர்வில் நிலைத்தன்மை உயர்ந்தால் மட்டுமே இடப்பெயர்வை எழுத வேண்டும். 1-பியூட்டீன் தரும் ஈரிணைய நேரயனியில் ஹைட்ரைடு நகர்ந்தாலும் இன்னோர் ஈரிணையமே கிடைக்கும், ஆதாயம் ஏதுமில்லை. 2-மெத்தில்புரோப்பீன் தருவது ஏற்கெனவே மூவிணையம். அங்கே தேடவே வேண்டாம்.

மணலியில் இதன் தொடர்ச்சி

ஆதாயமற்ற ஈரிணைய இடப்பெயர்வு நடக்கவே நடக்காது என்று பொருள் கொள்ளக் கூடாது. நேரயனிக்கு நேரம் கிடைத்தால் அது அங்குமிங்கும் அலையும். அதற்கான சான்று வடசென்னையிலேயே, துணி துவைக்கும் தூளின் மூலப்பொருளில் இருக்கிறது.

மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கும் லீனியர் ஆல்கைல் பென்சீன், சலவைத்தூளில் நுரைக்கும் பொருளுக்கு அடிப்படை. இவ்வகைப் பொருளைத் தயாரிக்க, மண்ணெண்ணெயிலிருந்து பிரிக்கப்படும் பத்து முதல் பதின்மூன்று கார்பன் நீளமுள்ள நேர்த்தொடர் பாரஃபின்களை ஆல்கீன்களாக்கி, அமில வினையூக்கியில் பென்சீனுடன் இணைப்பதே வழக்கமான வழி. அமிலம் ஆல்கீனைக் கார்பன் நேரயனியாக்க, அந்த நேரயனியைப் பிடிப்பது இம்முறை குளோரைடு அல்ல, பென்சீன் வளையம்.

பன்னிரண்டு கார்பன் தொடரை எடுத்துக்கொண்டால், முனைக் கார்பனில் பென்சீன் இணைந்த வடிவம் விளைபொருளில் காணப்படுவதே இல்லை எனலாம். ஓரிணைய நேரயனி உருவாகாது என்ற மார்கோவ்னிகாஃப் காரணமே இதற்கும். ஆனால் இரண்டாம் கார்பனில் மட்டும் இணைந்த ஒரே பொருளும் கிடைப்பதில்லை. அடுத்தடுத்த ஹைட்ரைடு நகர்வுகளால் நேர்மின் சுமை தொடரின் நெடுகிலும் அலைவதால், 2, 3, 4, 5, 6 ஆகிய இடங்கள் அனைத்திலும் பென்சீன் இணைந்த கலவை கிடைக்கிறது. வினையூக்கி மாறினால் பங்கீடும் மாறும்: ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் இரண்டாம் கார்பன் வடிவம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அலுமினியம் குளோரைடில் ஏறக்குறைய 30%.

நேர்மின் சுமை இவ்வளவு அலைந்தும் கார்பன் தொடர் மட்டும் கிளைவிடாமல் நேராகவே நிற்கிறது. நகர்வது ஹைட்ரைடு மட்டுமே. கார்பன் தொகுதி நகர வேண்டுமானால் ஓரிணைய நேரயனியை ஒத்த கடினமான பாதையில் செல்ல வேண்டும். முற்காலத்தில் நான்கு புரோப்பிலீன்களை இணைத்துச் செய்த கிளைத்தொடர் ஆல்கைல் பென்சீனை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாமல், 1950-களில் மேலைநாட்டு ஆறுகளில் நுரை மலையாக மிதந்தது. தொடர் நேராக இருப்பதால்தான் இன்றைய தூளின் நுரை கால்வாயில் கலந்த பின் சிதைகிறது.